சுவரொட்டியில் ஒரு வரி

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு மாணவன்)

திரைப்படப் பாடல்களைப் பற்றி நம் கல்லூரி மலரில் கட்டுரைகள் வந்ததுண்டு. வசனங்களைப் பற்றியும் நண்பர்கள் எழுதியதுண்டு. சுவரொட்டியில் படத்தின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி நிற்குமே, அதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதுவும் தமிழ்தான். நான்கு சொல்லில் அமைய வேண்டிய தமிழ். பேருந்தில் போகிறவன் ஒரு கணத்தில் படித்து, மனத்தில் வைத்து, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டிய தமிழ். ஆகவே அதையே எடுத்துக்கொண்டேன்.

பெரிய நடிகரின் படத்திற்கு இந்த வரி தேவையே இல்லை. முகம் போதும், தேதி போதும். சிறு முதலீட்டில் எடுத்த குடும்பப் படத்தின் நிலை வேறு. அதற்கு முகமும் பாதி, பணமும் பாதி. அந்தக் குறையைச் சொல்லால் நிரப்பியாக வேண்டும். அதனால்தான் இவ்வகைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு நானே வரிகள் எழுதிப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது நம் கோயம்புத்தூரிலேயே கதை நடக்கும் 'குடும்பஸ்தன்'.

இப்படம் 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை வெளியானது. இயக்கியவர் ராஜேஷ்வர் காளிசாமி. கொங்குப் பேச்சில் நையாண்டிக் காட்சிகள் எடுத்துப் பெயர் பெற்ற 'நக்கலைட்ஸ்' குழுவிலிருந்து வந்தவர். மணிகண்டன் கதாநாயகன்; சான்வி மேகனா, குரு சோமசுந்தரம், ஆர். சுந்தர்ராஜன் முதலியோர் நடித்துள்ளனர். படக்குழுவினர் உண்மையில் வெளியிட்ட விளம்பர வரிகளை ஆராய்வது என் நோக்கமன்று. கீழே வரும் வரிகள் யாவும் விடுதி அறையில் நாங்கள் எழுதி, அடித்து, மீண்டும் எழுதியவை. படம் நன்றாக ஓடியது. அதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

முதலில் அந்தத் தேதியை நோக்குவோம். அவ்வாண்டு பொங்கலுக்கு அஜித் நடித்த 'விடாமுயற்சி' வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் தள்ளிப்போய், பிப்ரவரி 6ஆம் தேதி வெளியாயிற்று. ஆக, 'குடும்பஸ்தன்' வெளியான நாளுக்கும், தியேட்டர்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெரிய படம் வந்த நாளுக்கும் இடையே பதின்மூன்று நாள்தான். சிறிய படத்திற்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை காட்சிகள் குறையும். அடுத்த வெள்ளியன்று தியேட்டரே கைமாறும். பார்த்தவர் சொல்லிக் கேட்டு மற்றவர் வருவதற்குள் படம் போய்விடும். அந்த முதல் மூன்று நாள் கூட்டத்தைச் சேர்க்கும் வேலை சுவரொட்டிக்கும், டீசருக்கும், டிரெய்லருக்கும் உரியது. எனவே அந்த ஒரு வரி விளையாட்டுக் காரியமன்று.

பெயரே வரியாக இருந்த காலம்

பழைய படங்களின் விளம்பரங்களைத் தேடிப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றிய ஐயம் இது: குடும்பப் படங்களுக்கு அக்காலத்தில் ஏன் தனியாக இவ்வகை வரி அதிகம் காணோம்? சிறிது யோசித்தபின் விடை கிடைத்தது. பெயரே அந்த வேலையைச் செய்துவிட்டது. 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'குடும்பம் ஒரு கதம்பம்' (1981), 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) ஆகிய பெயர்களை நோக்குக. ஒவ்வொன்றும் பாதி பெயர், பாதி விளக்கம். 'சம்சாரம்' என்பது பெயர். 'அது மின்சாரம்' என்பது அதற்குக் கீழே எழுத வேண்டிய வரி. விசு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயிலிலிருந்து போன பாக்யராஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். 'இன்று போய் நாளை வா' (1981), 'தூறல் நின்னு போச்சு' (1982) ஆகியவை பெயர்கள் அல்ல, வாக்கியங்கள். ஒருவர் வாயிலிருந்து வரும் பேச்சு. இப்படிப்பட்ட பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுதினால், பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிப்பது போலாகும்.

இன்றைய பெயர்களோ ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருக்கின்றன. 'குடும்பஸ்தன்' என்பது யாரைப் பற்றிய படம் என்று சொல்கிறது. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதே கீழ்வரியின் வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

வெளியாவதற்கு முன் எழுதும் வரிக்கும், வெளியான பின் எழுதும் வரிக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'தாய்மார்களின் பேராதரவுடன்', 'வெற்றிநடை போடுகிறது', '50ஆவது நாள்' என்பனவெல்லாம் பின்னவை. அவை சாட்சி சொல்பவை. ஏற்கெனவே பலர் பார்த்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்று சொல்லாமல் சொல்பவை. முன்னதற்குச் சாட்சி இல்லை. வாக்குறுதி மட்டுமே உண்டு. படம் வெளியாவதற்கு முன்பே 'குடும்பத்துடன் கண்டுகளிக்க' என்று போடும்போது, சாட்சியின் குரலை வாக்குறுதிக்குக் கடன் வாங்குகிறோம். படிப்பவர் அதை நம்புவதில்லை. நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தணிக்கைச் சான்றிதழின் வகையை விளம்பரத்திலும் காட்ட வேண்டும் என்பது விதி. 2023இல் சட்டம் திருத்தப்பட்டபின், பெற்றோர் வழிகாட்டுதல் தேவைப்படும் படங்களை 7, 13, 16 என்று வயது குறித்துப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகும் தாய் அந்தச் சின்னக் குறியைத்தான் பார்க்கிறாள். குறி 16 என்று இருந்து, மேலே 'குடும்பத்துடன்' என்றும் இருந்தால், வரி பொய் சொல்கிறது என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டரை விநாடி

வரி எத்தனை சொல் இருக்கலாம்? இதைச் சும்மா பேசிக்கொண்டிராமல் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

நகரப் பேருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குச் சாலையோரச் சுவரில் உள்ள சுவரொட்டி, படிக்கக்கூடிய அளவில் ஏறத்தாழ இருபது மீட்டர் தூரத்துக்குத் தெரிகிறது. இது நானும் நண்பனும் முன்பின்னாக நடந்து பார்த்து எடுத்த அளவு. சுவருக்குச் சுவர் மாறும். ஆக, கிடைப்பது இரண்டரை விநாடிக்கும் குறைவு. அதில் முகங்களும் படத்தின் பெயரும் முதலில் கண்ணில் படும். எஞ்சுவது ஒரு விநாடி. ஒரு விநாடியில் மூன்று சொல், மிஞ்சினால் நான்கு சொல் படிக்கலாம்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும், சாரியையும், உம்மையும் ஒட்டிக்கொண்டு வருபவை. 'குடும்பத்தலைவனுக்கும்' என்று எழுதிவிட்டால் ஒரே சொல்லில் விநாடி முடிந்துபோகும். ஆகவே எண்ண வேண்டியது சொற்களை மட்டுமன்று, எழுத்துகளையும்தான். மொத்தம் இருபது எழுத்துக்குள் நிற்கிற வரிதான் பேருந்துக்குத் தப்பும் என்பது எங்கள் அனுபவம்.

இடமும் முக்கியம். சுவரொட்டியின் அடியில் வரியைப் போடுவது வடிவமைப்பவர்க்கு அழகாகத் தோன்றலாம். ஊருக்குள் ஒட்டும்போது தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சடித்த துண்டுத் தாளை அந்த அடிப்பகுதியின்மேல்தான் ஒட்டுகிறார்கள். காந்திபுரத்தில் ஒரு சுவரில், வேறொரு படத்தின் வரி பாதி மறைந்து, 'உங்கள்' என்ற சொல்லோடு நிற்கக் கண்டேன். உங்கள் என்ன என்று இன்றுவரை தெரியாது. வரி பெயருக்கு மேலே அல்லது பெயரை ஒட்டிக் கீழே நிற்பதே நல்லது.

(அனுமதியின்றிச் சுவரில் ஒட்டுவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நான் சுவர்களைப் பார்த்தவன், ஒட்டியவன் அல்லன்.)

நாங்கள் எழுதிய வரிகள்

படத்தின் தொடக்கக் கதையை மட்டும் சொல்கிறேன். நவீன் என்ற இளைஞன் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வேறு சாதியைச் சேர்ந்த வெண்ணிலாவைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறான். இரு வீட்டாருக்கும் மகிழ்ச்சியில்லை. பிறகு வேலை போய்விடுகிறது. அதை வீட்டில் மறைத்துக் கடன் வாங்கத் தொடங்குகிறான். வசதியான அக்காள் கணவர் ஒருவர் வேறு அவனை அளந்துகொண்டே இருக்கிறார். இவ்வளவும் சிரிப்பாகவே நடக்கிறது. ஆனால் சிரிப்புக்கு அடியில் கடன் ஏறிக்கொண்டே போகிறது.

முதலில் நான் எழுதிய வரி: 'ஒரு குடும்பத் தலைவனின் சிரிப்பும் கண்ணீரும்.' எழுதியபோது பெருமையாக இருந்தது. நண்பன் ஒரே கேள்வியில் அதை வீழ்த்தினான். "இதைக் கொண்டுபோய்க் 'குட் நைட்' படத்துக்குக் கீழே போட்டால் பொருந்துமா, பொருந்தாதா?" என்றான். 2023இல் வந்த 'குட் நைட்' குறட்டையால் தவிக்கும் ஒருவனைப் பற்றிய படம். அதற்கும் மணிகண்டனே நாயகன். பொருந்தியது. 'சம்சாரம் அது மின்சார'த்துக்குக் கீழே போட்டோம், அதற்கும் பொருந்தியது. பத்துப் படத்துக்குப் பொருந்தும் வரி ஒரு படத்துக்கும் உரியதன்று. அதோடு, பெயர் ஏற்கெனவே சொன்ன 'குடும்பம்' என்பதையே அது மறுபடியும் சொல்கிறது.

இரண்டாவது வரி நண்பனுடையது: 'மாசம் முப்பது நாள், சம்பளம் ஒரு நாள்.' எதுகை இல்லாவிட்டாலும் எடுப்பு இருக்கிறது. படித்தவர் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் விரிவுரையாளர் ஒருவரும் சிரித்தார்; சிரித்துவிட்டு, "இது நாள்காட்டித் தாளில் அச்சடிக்க நன்றாயிருக்கும்" என்றார். அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் விளங்கிற்று. அது முடிந்துபோன வரி. படிப்பவன் சிரித்து, தலையை ஆட்டி, மேலே போய்விடுவான். அதில் ஆள் இல்லை, பொதுவுண்மைதான் இருக்கிறது. பொதுவுண்மையைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

மூன்றாவதாகக் கொங்குச் சொல்லுக்குப் போனோம். நம் பக்கத்தில் சட்டைப்பையைச் 'சோப்பு' என்பார்கள். 'சோப்புல காசில்லை, சொந்தத்துல குறையில்லை' என்று எழுதினேன். அன்னூர் நண்பர்கள் கைதட்டினார்கள். விடுதியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் உண்டு. அவர் படித்துவிட்டு, "குளிக்கிற சோப்புக்குள்ள ஏம்ல காசு வைக்கான்?" என்று கேட்டார். அவ்வளவுதான். தமிழ்நாட்டுத் திரைப்பட வியாபாரம் ஏரியா ஏரியாவாகப் பிரிந்தது. கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி சேர்ந்து கோயம்புத்தூர் ஏரியா. சேலம் தனி, மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, திருநெல்வேலி-கன்னியாகுமரி என மற்றவை தனித்தனி. ஒரு ஏரியாவில் பையாகவும் மற்றவற்றில் சவுக்காரமாகவும் இருக்கும் சொல்லைத் தலைப்புக்குக் கீழே வைக்க முடியாது. 'ஒறம்பரை' என்ற சொல்லை நான் மிக விரும்பினேன். உறவினர் என்ற பொருளோடு, அவர்கள் வந்து இறங்கும் சத்தமும் அதில் கேட்கும். அதுவும் பேரூர் தாண்டினால் பொருள் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில்தான் ஒன்று பிடிபட்டது. வட்டார வழக்கு என்பது சொல்லில் மட்டும் இல்லை, முடிவிலும் இருக்கிறது. கொங்கு மண்ணின் 'ங்க' எல்லா ஊரிலும் விளங்கும். எந்த ஊர்க்காரன் என்பதையும் காட்டிவிடும். யாரென்றே தெரியாதவரிடமும் மரியாதையாகப் பேசும் ஒருவன். அவன் தன் அவமானத்தையும் மரியாதையாகவே சொல்கிறான். அந்த எண்ணத்தில் நான்காவது வரி வந்தது:

'வேலை போச்சுங்க... வீட்ல சொல்லாதீங்க.'

நான்கே சொல். எழுத்தும் எண்ணினால் இருபதைத் தாண்டவில்லை. படத்தின் பெயரோடு சேர்த்துப் படித்தால் பெயர் சொல்லாததைச் சொல்கிறது. குடும்பஸ்தன் என்பவன் வீட்டைத் தாங்குகிறவன்; இவனோ வீட்டுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருக்கிறான். இந்த வரியை வேறு படத்துக்குக் கீழே போட்டுப் பார்த்தோம், ஒட்டவில்லை. கதையைக் காட்டிக்கொடுக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டோம். வேலை போவது கதையின் தொடக்கம், முடிவன்று. தொடக்கத்தைச் சொல்லலாம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, நான்கு வரிகளையும் அட்டையில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஆண்டுக்கு ஒரு படம் பார்த்தால் அதிகம். முதல் அட்டைக்கு "ம்" என்றார். இரண்டாவதற்குச் சிரித்தார். மூன்றாவதற்கு, "நம்மூர்ப் பேச்சாட்ட இருக்குது" என்றார். நான்காவதைப் படித்துவிட்டு, "யாரு கண்ணு அந்தப் பையன்? அப்புறம் வீட்ல தெரிஞ்சு போச்சா?" என்றார். எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. வரி வேலை செய்ததற்கு அடையாளம், படித்தவர் திருப்பிக் கேள்வி கேட்பது. மெச்சுவதும் சிரிப்பதும் அதற்கு ஈடாகா.

ஆனால் அம்மா ஒன்றைத் திருத்தினார். "நம்ம பக்கம் 'சொல்லாதீங்க'ன்னு மொட்டையா சொல்லுவாங்களா? 'சொல்லிப்போடாதீங்க'ன்னு தானே சொல்லுவாங்க" என்றார். உண்மை. 'போடு' என்ற துணைவினை சேர்ந்தால்தான் கெஞ்சுகிற குரல் வருகிறது. ஆனால் ஏரியா தாண்டினால் அது கொஞ்சம் அந்நியமாக ஒலிக்கும், நீளமும் கூடும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று அச்சுத் தொழில் தெரிந்த உறவினர் ஒருவரைக் கேட்டேன். ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடுகள். வரி வெளிர் நிறப் பின்னணியில் முழுக் கறுப்பாக இருந்தால், கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி, கோயம்புத்தூர் ஏரியாவுக்கு ஒரு வரியும் மற்ற ஏரியாக்களுக்கு வேறு வரியும் அச்சடித்துக்கொள்ளலாம் என்றார். படத்தின்மேல் வெள்ளை எழுத்தாக அமைத்துவிட்டால், அந்த எழுத்தின் இடம் நான்கு தகட்டிலும் வெட்டப்பட்டிருக்கும், நான்கையும் மாற்ற வேண்டும், செலவு கூடும். எழுத்தின் நிறத்தை முடிவு செய்யும்போதே வரி எத்தனை விதமாக வரலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. எழுதுகிறவன் அச்சகத்துக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதை அன்று கண்டேன்.

டீசரில் வினைமுற்றை விழுங்குதல்

டீசர் என்பது ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடுவது. காட்சிகளுக்கிடையே கறுப்புத் திரையில் சில சொற்கள் வந்து போகும். தியேட்டரில் காட்டுவதானால் அதற்கும் தனியே தணிக்கைச் சான்றிதழ் வாங்க வேண்டும்; கைப்பேசியில் பார்ப்பதற்கு அது வேண்டியதில்லை. கைப்பேசியில் பார்ப்பவர் பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள். அங்கே எழுத்துதான் பேச வேண்டும். ஓர் எழுத்துத் திரைக்கு இரண்டு விநாடி கொடுத்தால், நான்கு திரைக்கு எட்டு விநாடி. அதற்குமேல் போனால் அது படத்தின் டீசராக இராது, பாட நூலாகிவிடும்.

இங்கே நம் இலக்கணம் நமக்குப் பெரிய துணை செய்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆகவே கடைசிச் சொல்லை மட்டும் நிறுத்திக்கொண்டால், முழு வாக்கியமும் அந்தரத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் இவ்வளவு எளிதாக இது அமையாது. அந்த மொழி டீசர்களைப் பார்த்து மூன்று புள்ளி வைப்பதை விட்டுவிட்டு, நம் வினைமுற்றைப் பிடித்து வைத்தாலே போதும்.

நாங்கள் அமைத்த நான்கு திரைகள் இவை:

'கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல.'

'வீட்டுக்கும் வந்தாச்சு.'

'வேலையும் போச்சு.'

'இதை மட்டும் வீட்ல...'

நான்காவது திரை வந்ததும் எழுத்து நின்றுவிடும். அடுத்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாயகன் முகம். பின்னர் படத்தின் பெயர். விட்டுப்போன 'சொல்லாதீங்க' எங்கே இருக்கிறது? சுவரொட்டியில் இருக்கிறது. சுவரொட்டியை முன்பே பார்த்தவர் டீசரை மனத்துக்குள் தாமே முடிக்கிறார். டீசரை முதலில் பார்த்தவர், மறுநாள் பேருந்தில் போகும்போது சுவரில் மீதியைப் படிக்கிறார். இரண்டையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் இந்தப் பொருத்தம் அமையாது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது போலும். சுவரொட்டி ஒரு குரலிலும் டீசர் இன்னொரு குரலிலும் பேசுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

வரிசையும் கவனிக்க வேண்டியது. இரண்டாவது திரையில் உள்ள 'உம்', மூன்றாவதில் உள்ள 'உம்' இரண்டும் சேர்ந்து அடுக்கிக்கொண்டே போகின்றன. முதலில் வேலை போனதைச் சொல்லிவிட்டுப் பிறகு கல்யாணத்தைச் சொன்னால், கதை பரிதாபமாகிவிடும். கல்யாணத்தில் தொடங்கினால் சிரிப்போடு தொடங்கி, பாரம் மெல்ல ஏறுகிறது. மாற்றி அடுக்கிப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டோம்.

தீராத வழக்கு

எங்களுக்குள் தீராமல் நின்ற வழக்கு ஒன்று உண்டு. கதையின் வேர் சாதி மாறிய திருமணம். அதை வரியில் சொல்வதா, விடுவதா?

நண்பன் சொல்ல வேண்டும் என்றான். 'சாதி பார்க்கலை, சம்பளம் பார்த்தாங்க' என்று ஒரு வரியும் எழுதி வைத்திருந்தான். கூர்மையான வரிதான். நான் மறுத்தேன். நம் மண்ணில் அது வேலை போன சங்கதியைப்போல் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லத்தக்கதன்று. 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மாறி மணந்த இளம் தம்பதியரை வெட்டினார்கள். கணவன் இறந்தான். நாம் பேருந்து பிடிக்க நிற்கும் இடம் போன்ற இடம்தான் அது. அந்தச் சுவரிலும் இந்தச் சுவரொட்டி ஒட்டப்படும். அங்கே நின்று அந்த வரியைப் படிப்பவர்க்கு அது வெறும் சாதுரியமாகத் தோன்றக்கூடாது அன்றோ?

"அதனால்தான் சொல்ல வேண்டும் என்கிறேன்" என்றான் நண்பன். "சிரிப்புப் படம் என்று நம்பிக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்த பின்தான் இந்தச் சங்கதி தெரியவேண்டுமா? அது ஏமாற்று ஆகாதா? வாக்குறுதி பொய்யாகக்கூடாது என்று நீதானே எழுதினாய்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. டீசரின் முதல் திரை இந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான். 'ரிஜிஸ்டர் ஆபீஸ்' என்று சொன்னாலே அது எப்படிப்பட்ட கல்யாணம் என்பது நம் ஊரில் யாருக்கும் விளங்கும். மண்டபம் இல்லை, சீர் இல்லை, ஒறம்பரை இல்லை. சாதி என்ற சொல்லை எழுதாமலேயே அது எழுதப்பட்டுவிடுகிறது. தெரிந்துகொள்ள வேண்டியவர் தெரிந்துகொண்டே உள்ளே வருவார். சுவரொட்டியில் வேலை, டீசரில் கல்யாணம். சுவரில் பொதுவில் நிற்பது ஒன்று. விரும்பிப் பார்ப்பவர் காண்பது இன்னொன்று. இப்படிப் பிரித்தோம்.

நண்பன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மறைத்துச் சொல்வதும் பயத்தின் ஒரு வகைதான் என்கிறான். அவன் எழுதிய வரி அட்டையில் என் மேசைமேல் இன்னும் இருக்கிறது. சில நாள் அதைத் திருப்பி வைப்பேன். சில நாள் நேராக வைப்பேன்.